பதினோராம் பக்கத்து 6

சாயில் ரிப்போர்ட்டின் பதினோராம் பக்கத்தில் இருந்த 6 என்ற எண்ணோடு எனக்கு ஒன்றரை மாதம் சண்டை நடந்தது. கட்டடம் எழும்பிக் குடிவந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் புதிதாக ஒரு ரிப்போர்ட் மேஜைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் கட்டட வடிவமைப்பு செய்கிறவன், மண் நிபுணன் இல்லை. எங்களைப் போன்றவர்கள் மண் அறிக்கையைப் படிக்கிற விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. கடைசிப் பக்கத்தைத் திறந்து, தாங்குதிறன் சதுர மீட்டருக்கு எத்தனை டன், எத்தனை ஆழத்தில் என்று பார்த்து, அந்த எண்ணை எடுத்துக் கணினியில் போட்டுவிட்டு மீதியை மூடி வைத்துவிடுவோம். மண்ணில் துளை, அதாவது போர், போட்டு எந்த ஆழத்தில் என்ன கிடைத்தது என்று எழுதிய போர் லாக் பக்கங்கள் அனுமதிக்கு வைக்கிற காகிதம், அவ்வளவுதான். நானும் பதினைந்து வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

இடம் திருவான்மியூர் பக்கம், கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். ஒரு கிரவுண்டு மனை. கீழே வண்டி நிறுத்தம், மேலே மூன்று மாடி. உரிமையாளர் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பணத்தை எண்ணி எண்ணி வைத்திருப்பவர். மண் பரிசோதனை 2019 ஜூன் மாதம் நடந்தது. அந்த ஜூன் எப்படி இருந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. இதை இப்போதே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் இரண்டு இடத்தில் அந்த வறட்சி கையெழுத்துப் போட்டிருக்கிறது. எனக்கு அது தெரியவே வெகுநாள் ஆயிற்று.

ரிப்போர்ட் சொன்னது இதுதான். மனையில் இரண்டு போர், ஒன்றுக்கொன்று பன்னிரண்டு மீட்டர் தள்ளி. மேலே ஒரு மீட்டருக்குச் செங்கல் துண்டு கலந்த கொட்டிய மண். அதற்குக் கீழே பழுப்பு நிற மணல், நாலு மீட்டருக்குக் கீழே சாம்பல் நிற நைஸ் மணல், ஏழு மீட்டருக்குக் கீழே அதிலேயே கொஞ்சம் வண்டல் கலந்தது. ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை எஸ்.பி.டி. சோதனை. அறுபத்து மூன்றரை கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, அடியில் இருக்கும் ஸ்பூன் என்ற குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுகிற அதே பழைய சோதனை. முதல் 15 செ.மீ.யை உட்காரும் அடி என்று விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு ஆன அடிகளைக் கூட்டினால் என்-மதிப்பு. முதல் போரில் மேலிருந்து 8, 12, 15, 16 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்த எண், ஏழரை மீட்டரில் திடீரென்று 6 ஆனது. ஒன்பதில் 7. பத்தரையில் மறுபடி 22. இரண்டாவது போரில் அதே ஆழங்களில் 17, 21, 24. நீர்மட்டம் இரண்டிலும் 5.4 மீட்டர்.

முடிவுரை: ஏழு மீட்டர் முதல் பத்து மீட்டர் வரை தளர்ந்த மணல் அடுக்கு இருக்கிறது, எனவே அதைத் தாண்டி ஆழத்துக்கு இறங்கும் கான்கிரீட் தூண்களான பைல் போடவும். ஒன்றரை மீட்டரில் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தனித்தனி கான்கிரீட் பீடம், அதாவது தனி ஃபுட்டிங், என்றால் தாங்குதிறன் 18 டன் என்று அட்டவணையில் ஒரு வரி இருந்தது. ஆனால் அதைப் பரிந்துரைக்கவில்லை.

உரிமையாளர் கேட்டார். "சார், பக்கத்து வீடுங்க எல்லாம் சாதா ஃபுட்டிங்லதானே நிக்குது? எனக்கு மட்டும் ஏன் பைல்?" பைல் என்றால் பதினாலு லட்சம் கூடுதல். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். "ரிப்போர்ட்ல போட்டிருக்கு சார், நாம மீற முடியாது." அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவர் ஒன்றும் பேசாமல் போனதுதான் என்னைத் திரும்ப அந்தப் பக்கத்தைப் பார்க்க வைத்தது என்று நினைக்கிறேன். சண்டை போட்டிருந்தால் நானும் பிடிவாதமாக இருந்திருப்பேன்.

ஆறு எப்படி வந்தது

முதலில் எனக்கு உறுத்தியது மண்ணின் வர்ணனை. பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு போரிலும் அதே நிறம், அதே நைஸ் மணல், சல்லடைச் சோதனையில் ஏறக்குறைய அதே வளைகோடு. கடலோரத்தில் இடத்துக்கு இடம் மாறுதல் இருக்கும்தான், பழைய வாய்க்கால் தூர்ந்த தடம் குறுக்கே போயிருக்கலாம். ஆனால் அப்படித் தூர்ந்த இடமென்றால் களிமண்ணோ, மட்கிய இலைதழையோ, கறுப்போ ஏதாவது தெரிய வேண்டும். இங்கே மணல் அதே மணல், எண் மட்டும் மூன்றில் ஒரு பங்கு.

அப்புறம் அந்த 6-ஐப் பிரித்துப் பார்த்தேன். நல்ல ரிப்போர்ட்டில் 15 செ.மீ.க்கு ஒன்றாக மூன்று எண்களும் இருக்கும். இதில் இருந்தன. முதல் போரில் ஏழரை மீட்டரில் 1, 2, 4. இரண்டாவது போரில் அதே ஆழத்தில் 7, 8, 9. பின்னது ஒரே மண்ணுக்குள் ஸ்பூன் இறங்குவதன் சீரான எண். முன்னது வேறு மாதிரி. பஞ்சு மாதிரி ஏதோ ஒன்றில் இறங்கி, கடைசியில்தான் கொஞ்சம் உடம்புள்ள மண்ணைத் தொட்டிருக்கிறது. ஒன்பது மீட்டரிலும் அதே மாதிரி 1, 3, 4.

சோதனை செய்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, சைட்டில் கையால் எழுதிய தாளின் நகலைக் கேட்டேன். தரத் தயங்கினார்கள். டைப் செய்ததில் எல்லாம் இருக்கிறதே என்றார்கள். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. எண்ணெய்க் கறை, வியர்வைக் கறையோடு மடிந்த தாள். அதில் ஏழரை மீட்டர் வரிக்குப் பக்கத்தில், பென்சிலில், சின்னதாக "கீழ 7.20" என்று எழுதியிருந்தது. ஒன்பது மீட்டருக்கு எதிரே "8.65". பத்தரைக்கு எதிரே ஒன்றும் இல்லை. அதற்கு மேல் வரியில் நேரம் போட்டு, "லாரி வந்தது".

அந்த 7.20-ஐப் பார்த்த கணம்தான் இந்தக் கட்டுரை. போர் போட்டுத் துப்புரவு செய்து முடித்த ஆழம் 7.50. ஸ்பூனை ராடில் மாட்டி உள்ளே இறக்கினால் அது 7.50-இல் போய் உட்கார வேண்டும். மொத்த ராடு நீளத்திலிருந்து தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற நீளத்தைக் கழித்தால் அடி எங்கே என்று தெரிந்துவிடும். போர் போட்ட மேஸ்திரி அதை அளந்திருக்கிறார். 7.20-இல் உட்கார்ந்திருக்கிறது. அதாவது இவர்கள் தோண்டி முடித்த பிறகு கீழேயிருந்து 30 செ.மீ. மணல், துளை சரியாமல் இருக்க இறக்கியிருந்த குழாய்க்குள் ஏறியிருக்கிறது. சோதனையின் முதல் 30 செ.மீ., அந்த 1-ம் 2-ம், மண்ணில் அடித்த அடிகளே இல்லை. ஏறிவந்த கஞ்சி மாதிரியான மணலில் அடித்தவை. கடைசி 15 செ.மீ.தான் இயற்கை மண், அதுவும் நீர் கீழிருந்து பாய்ந்ததில் ஏற்கெனவே தளர்ந்துபோன மண். அதனால்தான் இரண்டாவது போர் 7 காட்டிய இடத்தில் இது 4. டைப் செய்த லாக்கில் 7.50 முதல் 7.95 வரை சோதனை என்று சுத்தமாக இருந்தது. உண்மையில் நடந்தது 7.20 முதல் 7.65 வரை.

மேஸ்திரியிடமே பேசினேன். விழுப்புரம் பக்கத்துக்காரர், இருபது வருஷமாக முக்காலியும் வின்ச்சும் கையுமாக இருப்பவர். "தண்ணி இல்ல சார். லாரி காலைல வரேன்னவன் சாயங்காலம்தான் வந்தான். ஆளுங்க கூலி போவுதேன்னு பெய்லர் போட்டு எடுத்துட்டே இருந்தோம்." அவ்வளவுதான். எனக்கு முழுக்கதையும் புரிந்துவிட்டது.

நிலத்தடி நீருக்குக் கீழே நைஸ் மணலில் போர் போடும்போது குழாய்க்குள் தண்ணீரை எப்போதும் வெளி நீர்மட்டத்துக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும், முடிந்தால் தரைமட்டம் வரை. அப்போது உள்ளேயிருக்கும் தண்ணீர் வெளியே தள்ளப் பார்க்கும், மணல் அதன் இடத்தில் கிடக்கும். துளைக்குள்ளிருந்து மண்ணையும் நீரையும் அள்ளி எடுக்கிற பெய்லரை வேகமாக இழுத்தால் ஊசிக்குழாயில் பிஸ்டன் இழுப்பது போலத்தான். உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்குகிறது, வெளியே 5.4 மீட்டரில் நிற்கும் தண்ணீர் ஒரே வழியாகக் குழாயின் அடிவாய் வழியே மேலே பாய்கிறது, கூடவே மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அடுப்பில் கஞ்சி பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ஆறு மீட்டரில் நீர்மட்டத்துக்குக் கீழே அரை மீட்டர்தான், தள்ளும் சக்தி குறைவு, அதனால் அங்கே எண் கெடவில்லை. ஏழரையில் இரண்டு மீட்டர், ஒன்பதில் மூன்றரை மீட்டர் நீர் வெளியே அழுத்திக்கொண்டு நின்றது. பத்தரைக்குப் போவதற்குள் லாரி வந்து குழாயை நிரப்பிவிட்டார்கள், எண் 22 ஆனது. இரண்டாவது போர் அடுத்த நாள், தொட்டியில் தண்ணீர் இருந்தது, ஒரு பிரச்சினையும் இல்லை. ஆக, நிலத்துக்குள் இருந்த தளர்ந்த அடுக்கு என்று நாங்கள் நினைத்தது ஒரு தண்ணீர் லாரியின் தாமதம்.

இதில் யாரைக் குறை சொல்ல? மேஸ்திரி எழுதியிருக்கிறார். ஆபீசில் டைப் செய்தவருக்கு அந்தப் பென்சில் எழுத்து என்னவென்று தெரியவில்லை, லாக் படிவத்தில் அதைப் போடக் கட்டமும் இல்லை. முடிவுரை எழுதிய பொறியாளர் மூன்று எண்களையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருக்கிறார். நானும் அதையேதான் செய்தேன்.

நீர் எண்ணைக் குறைத்துத்தான் காட்டும் என்றும் இல்லை. நைஸ் மணலோ வண்டல் மணலோ கொஞ்சம் இறுக்கமாக இருந்து நீருக்குக் கீழே இருந்தால், ஸ்பூன் அடிக்கும் வேகத்தில் மணல் விரியப் பார்க்கும். தண்ணீர் உடனே உள்ளே வர முடியாது. ஒரு கணம் உறிஞ்சல் உண்டாகி மணல் இருப்பதைவிட விறைப்பாக எதிர்க்கும். அதனால்தான் 15-க்கு மேல் வரும் எண்ணில், 15-ஐத் தாண்டிய மிச்சத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொள் என்கிறது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2131. இரண்டாவது போரின் 17, 16 ஆகும். 21, 18 ஆகும். அவ்வளவு குறைத்தாலும் 6-க்குப் பக்கத்தில் வராது.

அந்த ஆறு ஏன் முக்கியம்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இரண்டு மீட்டர் அகல ஃபுட்டிங்கை ஒன்றரை மீட்டரில் வைத்தால் அதன் சுமை எட்டுகிற ஆழம் ஃபுட்டிங் அகலத்தைப் போல ஒன்றரை இரண்டு மடங்குதான். தரையிலிருந்து ஐந்து, ஐந்தரை மீட்டருக்குக் கீழே அந்த மண்ணுக்கு மேலே வீடு இருப்பதே பெரிதாகத் தெரியாது. ஏழரையில் 6 இருந்தால் என்ன, 60 இருந்தால் என்ன? நானும் முதலில் அப்படித்தான் நினைத்து, ஆறு உண்மையோ பொய்யோ ஒதுக்கித் தள்ளிவிட்டு 18 டன்னை எடுத்துக்கொண்டு ஃபுட்டிங் போட்டுவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன். உரிமையாளருக்குப் போன் போட்டு நல்ல செய்தி என்று சொல்லக்கூடச் செய்தேன். அவசரப்பட்டேன்.

அந்த வாரம் மனைக்குப் போனபோது பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். உறைக் கிணறு, பழையது, தண்ணீர் அடியில் கறுப்பாக ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. உறைகளின் உள்பக்கத்தில் பாசிக் கறை மேலே வரை வளையம் வளையமாக ஏறியிருந்தது. அந்த வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கறையைக் காட்டிக் கேட்டேன். "இப்பதான் தம்பி இந்த கதி. மழை முடிஞ்சா நாலடியில நிக்கும். 2015 டிசம்பர்ல குனிஞ்சு சொம்புல மொண்டேன்." நாலடி என்றால் 1.2 மீட்டர். நான் ஃபுட்டிங் வைக்கப்போகிற ஆழத்துக்கும் மேலே.

ரிப்போர்ட்டில் இருந்த 5.4 தவறான எண் அல்ல. மணலில் நீர் சீக்கிரம் சமநிலைக்கு வந்துவிடும். களிமண்ணில்தான் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், பென்டோனைட் என்ற களிமண் கரைசல் கலந்த போராக இருந்தால் சுவரே பூசிக்கொண்டு இன்னும் ஏமாற்றும். இரண்டாவது போரில் மறுநாள் காலையும் அளந்து 5.4 என்றே எழுதியிருந்தார்கள். சரியாக அளந்த, ஜூன் மாதத்து, அதுவும் பல வருஷங்களில் மிக மோசமான ஜூன் மாதத்து எண். தாங்குதிறன் கணக்கு போட்டவர் அதை அப்படியே எடுத்து, நீர் ஃபுட்டிங்குக்கு வெகு கீழே இருப்பதால் குறைப்பு தேவையில்லை என்று நீர்க் குணகத்தை 1 என்று வைத்திருந்தார். வீடு ஜூனில் மட்டும் நிற்கப் போவதில்லை.

சரி, நீரை 1.2 மீட்டருக்கு ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று மண் வெட்டுப்பட்டு உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பது, ஐ.எஸ். 6403 சொல்லும் கணக்கு. இரண்டு மீட்டர் ஃபுட்டிங்குக்கு, உராய்வுக் கோணம் 31 டிகிரி என்று வைத்து, பாதுகாப்புக்காக மூன்றால் வகுத்தால், நீர் கீழே இருக்கும்போது ஏறக்குறைய 32 டன் வருகிறது. நீர் மேலே வந்தால் 24. இரண்டுமே 18-க்கு மேல்தான். இதை மட்டும் பார்க்கிறவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். ஆனால் மணலில் இந்த அளவு அகலத்தில் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது உடைவதல்ல, இறங்குவது. மேல்மண் அழுத்தத்துக்குத் திருத்திய என்-மதிப்பு சராசரி 14 என்று வைத்து, 40 மி.மீ. இறக்கத்துக்கு உட்பட்டு எவ்வளவு ஏற்றலாம் என்று பார்த்தால், நீர் கீழே இருக்கும்போது 20 டன். ரிப்போர்ட்காரர் கொஞ்சம் குறைத்து 18 என்றிருக்கிறார், நியாயம்தான். நீர் ஃபுட்டிங் அடிமட்டத்துக்கு வந்தால் அந்தக் குணகம் 0.5. இருபது பத்தாகிவிடும்.

பாதியாகக் குறைப்பது அதீதம் என்று சொல்கிற நல்ல பொறியாளர்கள் உண்டு. என்-மதிப்பிலேயே நீரின் விளைவு அடங்கியிருக்கிறது, இரண்டாம் முறை குறைப்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்பது அவர்கள் வாதம். வாதம் சரியானது, ஒரு நிபந்தனையோடு. நீர் மேலே நிற்கும்போது சோதனை செய்திருந்தால் நனைந்து மிதக்கிற மணலின் இளகலை ஸ்பூன் ஏற்கெனவே பார்த்திருக்கும். டிசம்பரில் போட்ட போர் என்றால் நானே குறைத்திருக்க மாட்டேன். இங்கே மேல் ஐந்து மீட்டர் மணலும் சோதனையின்போது நீருக்கு மேலே, முழு எடையோடு ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு இருந்தது. மழைக்குப் பிறகு அதே மணல் நீரில் மூழ்கினால் மணிகளுக்கு இடையிலான அழுத்தம் ஏறக்குறையப் பாதி. ஜூன் மாதத்து 8-ம் 12-ம் அதை அறியாத எண்கள். ஆக, லாக்கில் நீர்மட்டத்துக்கு எதிரே எழுதியிருக்கும் தேதியைப் பார்க்காமல் இந்த விவாதத்தில் எந்தக் கட்சியிலும் சேர முடியாது.

பத்து டன் என்றானதும் கதை வேறு பக்கம் திரும்பியது. பன்னிரண்டு தூண், சராசரி 60 டன். ஒவ்வொன்றுக்கும் ஆறு சதுர மீட்டருக்கு மேல் ஃபுட்டிங் வேண்டும். கட்டடம் நிற்கும் பரப்பு பத்துக்குப் பதினைந்து மீட்டர். ஃபுட்டிங்குகளே அதில் பாதியை அடைத்துக்கொள்கின்றன, எல்லையோரத் தூண்களுக்கு மனைக்குள் இடமே போதவில்லை. இந்த நிலைமையில் எல்லோரும் செய்வது ராஃப்ட், கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை. 720 டன் எடையை 150 சதுர மீட்டரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்குள் அடங்கும். மேல் மணலுக்கு அது தூசு.

ஆனால் ராஃப்டின் அகலம் பத்து மீட்டர். அதன் சுமை இரண்டு மீட்டர் ஃபுட்டிங் மாதிரி ஐந்து மீட்டரில் தீர்ந்துவிடாது, பத்துப் பதினைந்து மீட்டர் வரை கீழே போகும். ஏழரையில் உண்மையிலேயே ஒரு மூலையில் மட்டும் 6 இருந்தால், ராஃப்ட் அந்த மூலைக்குச் சாயும். சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது. நீரில் மூழ்கிய மணலில் 6 என்றால், குலுக்கலில் மண் கூழாகிவிடுமா என்ற சோதனையில் அது தேறாது. 16 என்றால் தேறும். நான் ஒதுக்கித் தள்ளிய ஆறு வாசல் வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிட்டது. பென்சிலில் எழுதிய 7.20-ஐ நம்பி மூன்று மாடியை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு இன்னொரு போர் வேண்டும்.

ரயிலில் தண்ணீர் வந்த மாதம்

மூன்றாவது போர் ஜூலை மாதம். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வர ஆரம்பித்த அதே மாதம். அந்த நேரத்தில் ஒரு மனிதரிடம் போய், "உங்கள் மனையில் ஒரு குழி தோண்டி அதில் இரண்டு லாரித் தண்ணீரைக் கொட்ட வேண்டும்" என்று சொல்வது எப்படி இருந்திருக்கும்! குடிக்க ஆகாத உப்புத் தண்ணீர்தான். ஆனாலும் தெருவில் குடத்தோடு நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வை மறக்காது.

முதல் போரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இடம் குறித்தோம். அந்தக் குழியால் தளர்ந்த மண்ணில் படாத தூரம், அதே அடுக்காக இருக்கும் நெருக்கம். அதே மேஸ்திரியே வர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அன்று முழுக்கக் குழாய் வாய்மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒரு பையன் பக்கெட்டோடு பக்கத்திலேயே நின்று, பெய்லர் மேலே வர வர ஊற்றிக்கொண்டே இருந்தான். பெய்லரை மெதுவாக, ஒரு கையால் கேபிளைத் தடவிக்கொண்டே இழுத்தார்கள். குழாயைச் சோதனை மட்டத்துக்குக் கீழே இறக்காமல் நிறுத்தினார்கள், இறக்கினால் சோதிக்கிற மண்ணே குழாய்க்குள் நசுங்கிப்போகும். ஏழரைக்கு வந்ததும் ஸ்பூனை இறக்கி ராடில் சாக்பீஸால் கோடு போட்டார் மேஸ்திரி. டேப்பை நான்தான் பிடித்தேன். அடி 7.48. இரண்டு செ.மீ. தூசி, அது எப்போதும் இருப்பது.

முதல் 15 செ.மீ.க்கு 6 அடி. அடுத்து 8, அடுத்து 8. பதினாறு. மேஸ்திரி என்னைப் பார்த்து, "அன்னிக்கே தெரியும் சார், எழுதித்தான் வச்சேன்" என்றார். ஒன்பதில் 19 வந்தது. பத்தரையில் 23. அன்று சாயங்காலம் உரிமையாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ராஃப்ட் வடிவமைத்தபோது நீர்மட்டத்தைத் தரையிலேயே வைத்தேன். அந்த அம்மாவின் சொம்புக் கணக்கு அது. அதனால் இன்னொன்றும் வெளிப்பட்டது, யாரும் யோசிக்காதது. நிலத்தடித் தொட்டி. மூன்றுக்கு இரண்டரை, ஆழம் 2.2 மீட்டர். நீர் தரை வரை வந்தால் அதைக் கீழிருந்து தூக்கும் விசை பதினாறு டன்னுக்கு மேல். மூடி போடாத காலித் தொட்டியின் கான்கிரீட் எடை அதைவிடக் குறைவு. மழையில் காலித் தொட்டி தெப்பம் போல மேலே வந்து நின்ற மனைகளை நான் பார்த்திருக்கிறேன். மேல் மூடி போடும் வரை தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொல்லி வரைபடத்திலேயே எழுதினேன். நீர்மட்டம் 5.4 என்று படித்த யாருக்கும் இது தோன்றியிருக்காது, எனக்கும் கிணற்றுக்கு முன்னால் தோன்றவில்லை.

மண் வெட்டும் வேலை நவம்பர் கடைசியில்தான் ஆரம்பித்தது, அனுமதி இழுத்துவிட்டது. ஒன்றரை மீட்டருக்குத் தோண்டியதும் ஒரு மூலையில் மணல் நிறம் மாறியது. மறுநாள் காலை போனபோது குழியின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர், தெளிவாக, வானம் தெரிகிற மாதிரி. பக்கத்து வீட்டுக் கிணற்றில் டேப்பை விட்டுப் பார்த்தேன். தரையிலிருந்து 1.4. குழியைச் சுற்றி வடிகுழிகள் போட்டு, பம்பு ஓட்டிக்கொண்டே கான்கிரீட் போட்டோம். அடியிலிருந்து மணல் ஏறாமல், அந்த முதல் போரின் தவறை நாங்களே பெரிதாகச் செய்துவிடாமல், தண்ணீரைக் குழிக்குள்ளிருந்து இறைக்காமல் ஓரத்தில் ஆழமாக இறக்கியே வைத்திருந்தோம்.

நிறுவனம் திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பியது. மூன்றாவது போர் சேர்ந்திருந்தது. பைல் பரிந்துரை போய், ராஃப்ட் வந்திருந்தது. முதல் போரின் ஏழரை மீட்டர் வரியில் 6 அப்படியே இருந்தது, தலையில் ஒரு நட்சத்திரக் குறியோடு. அடிக்குறிப்பில் குழாய்க்குள் மணல் ஏறியதால் கணக்கில் கொள்ளவில்லை என்று இரண்டு வரி. நீர்மட்டக் கட்டத்தில் 5.4-ஐ மாற்றவில்லை, மாற்றவும் கூடாது. பக்கத்தில் "19 ஜூன்" என்று தேதியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.